2027 பண்டிகை, அறுவடைக்கால உள்ளடக்க நாட்காட்டி: பேனர், சலுகை, இருப்புப் பக்கங்களுக்கான திட்டம்

பெறுவோர்: வடிவமைப்புக் குழு, விற்பனைக் குழு, கிடங்குப் பொறுப்பாளர், இணையதளப் பராமரிப்பாளர்
நாள்: 21 செப்டம்பர் 2026

நம் தளத்தில் விற்கும் மஞ்சள், மிளகு, ஏலக்காய், அரிசி ஆகிய நான்கு சரக்குகளுக்கும் 2027 சனவரி முதல் திசம்பர் வரை எந்த நாளில் எந்தப் பேனர் ஏற வேண்டும், எந்தச் சலுகை எப்போது திறந்து எப்போது மூட வேண்டும், இருப்புப் பக்கம் என்ன சொல்ல வேண்டும் என்பதை இந்தத் திட்டம் வகுக்கிறது. இந்தியா, வளைகுடா நாடுகள், ஐரோப்பா என மூன்று பகுதிகளின் வாடிக்கையாளர்களும் ஒரே முகப்புப் பக்கத்தையே பார்க்கிறார்கள் என்பதால், ஒருவருடைய பண்டிகைப் பேனர் இன்னொருவருக்கு வெறும் இடைஞ்சலாகிவிடாதபடி பகுதிவாரியாகப் பேனர்களைப் பிரிக்கும் ஏற்பாடு நவம்பர் மாத இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டுகளில் நாம் பண்டிகைத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பேனர் தேதியை வைத்தோம். இம்முறை வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் குறிக்கப்படுவது சரக்கு கிடங்கில் தர ஆய்வு முடிந்து, பொட்டலமிட்டு, அனுப்பத் தயாராகும் நாள். அதை இத்திட்டம் ‘இருப்பு நாள்’ என்று அழைக்கிறது. பண்டிகை நாள் அதற்கு அடுத்தபடியாகவே வரும். பண்டிகையைப் பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அறுவடையை மழைதான் முடிவு செய்கிறது. இரண்டையும் ஒரே உறுதியோடு நாட்காட்டியில் எழுதியதுதான் நமது பழைய பிழை.

அந்தப் பிழை கடந்த பொங்கலில் எப்படி வெளிப்பட்டது என்பதை அனைவரும் அறிவீர்கள். இலையோடும் கிழங்கோடும் கூடிய மஞ்சள் கொத்தின் படத்தை முகப்பில் வைத்து, ‘புது மஞ்சள் வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தோம். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பானையில் கட்டும் பச்சைக் கொத்து வேறு, நாம் விற்கும் மஞ்சள்தூள் வேறு. சனவரியில் தோண்டத் தொடங்கும் கிழங்கை வேகவைத்து, பத்து முதல் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, மெருகேற்றி, தர ஆய்வு செய்து, அரைத்துப் பொட்டலமிட்ட பின்பே தூள் நம் கிடங்குக்கு வருகிறது. அதற்குள் மார்ச் பிறந்துவிடும். பேனரைச் சொடுக்கியவர்கள் போய்ச் சேர்ந்த பக்கத்தில் ‘இருப்பு இல்லை’ என்று இருந்தது. அந்த வாரம் வந்த புகார் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பேனரைப் பற்றியவை. எனவே 2027இல், எந்தச் சரக்கின் பேனரும் அதன் இருப்பு நாளுக்கு முன்பு ‘வந்துவிட்டது’ என்ற சொல்லைத் தாங்கி ஏறக் கூடாது. முன்பதிவு என்றால் முன்பதிவு என்றே எழுதவேண்டும்.

சனவரி – மார்ச்

பொங்கல் 2027 சனவரி 15, வெள்ளிக்கிழமை. பழைய பேனரின் தேதியை அப்படியே எடுத்துப் போட்டுவிட வேண்டாம். பொங்கல் பேனர் சனவரி 2 அன்று ஏறி 15 இரவு இறங்கும். இதில் முன்னிறுத்தப்படும் சரக்கு அரிசி மட்டுமே. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. காவிரிப் படுகையின் சம்பா அறுவடை சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கிறது. பொங்கலுக்குப் ‘புத்தரிசி’ என்று சொன்னால் மக்கள் மகிழ்கிறார்கள். ஆனால் அன்றாடச் சமையலுக்கு வாங்குபவர் பழைய அரிசியைத்தான் தேடுகிறார், புது அரிசி குழைந்துவிடும் என்பதால். மிளகில் ‘புதிது’ என்பது பாராட்டு. அரிசியில் பிப்ரவரிக்குப் பிறகு அதுவே குறையாகிவிடும். ஆகவே புத்தரிசிக்குத் தனிப் பக்கம் ஒன்று சனவரியில் மட்டும் திறந்திருக்கும், அதில் ‘பொங்கலுக்கு ஏற்றது’ என்ற வரி இருக்கும். ஆண்டு முழுவதும் விற்கும் அரிசிப் பக்கத்தில் அறுவடை மாதமும், அரிசி எத்தனை மாதம் பழையது என்பதும் அச்சிட்டதுபோல் தெளிவாகத் தெரியவேண்டும்.

வளைகுடா வாடிக்கையாளர்களுக்கு இந்தக் காலாண்டில் முக்கியமானது ரமலான். அது 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தையொட்டித் தொடங்கும் என எதிர்பார்க்கிறோம். பிறை பார்த்தே நாள் உறுதியாகும் என்பதால், அந்தப் பேனரில் தேதி எதுவும் அச்சிடக் கூடாது. ‘ரமலானை முன்னிட்டு’ என்ற சொல்லே போதும். காபியில் சேர்க்கும் ஏலக்காய்தான் அங்கே முதல் தேவை. இடுக்கி மலைகளில் ஏலக்காய் பறிப்பு ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பிப்ரவரி வரை நீள்வதால், இந்த முறை பண்டிகையும் பறிப்பும் அருகருகே அமைந்திருக்கின்றன. இது நமக்கு வாய்த்த நல்ல ஆண்டு. இசுலாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால், ரமலான் ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு முன்னே நகர்ந்துகொண்டே போகும். 2030இல் சனவரியில் ஒன்றும் திசம்பரில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள் வரும். அன்று இந்தப் பொறுப்பில் இருப்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கப்பல் வழி அனுப்பும் சரக்குக்கு இறுதி நாள் சனவரி 4. அதன் பின் வரும் ஆணைகளுக்கு விமானக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மலபார் மிளகு திசம்பர் முதல் மார்ச் வரை பறிக்கப்படுகிறது. காயவைப்பதற்குச் சில நாட்களே தேவை என்றாலும், ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சரக்கை நாம் ஏற்பதில்லை. அதனால் இருப்பு நாளைப் பிப்ரவரி 15 என்று வைத்திருக்கிறோம். மஞ்சள் தூளின் இருப்பு நாள் மார்ச் 22. ஈரோடு, சேலம் பகுதிகளிலிருந்து வரும் இச்சரக்குக்கு மார்ச் 1 முதல் முன்பதிவு திறக்கும்.

ஏப்ரல் – ஆகஸ்ட்

இந்த ஐந்து மாதங்களில் பெரிய பேனர் எதையும் திட்டமிடவில்லை, வேண்டுமென்றேதான். புதிய மஞ்சளும் மிளகும் நிறைந்திருக்கும் வேளையில் தள்ளுபடி கொடுத்து விற்க வேண்டிய அவசியம் இல்லை. தேவை மிகுந்த காலத்தில் சலுகை, தேக்கமுள்ள காலத்தில் அமைதி என்று இதுவரை தலைகீழாக நடந்துவந்திருக்கிறோம். சலுகை இனி தேங்கிய சரக்குக்கு மட்டும்: முந்தைய ஆண்டு மஞ்சளில் மிச்சமிருப்பதை ஏப்ரலிலேயே விலை குறைத்து முடித்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் ‘2026 அறுவடை’ என்று ஒளிக்காமல் எழுதவேண்டும்.

செப்டம்பர் – திசம்பர்

தீபாவளி இவ்வாண்டு நவம்பர் 8. 2027இல் அது அக்டோபர் கடைசி வாரத்துக்கே வந்துவிடுகிறது. சென்ற ஆண்டின் கோப்பைப் பிரதியெடுத்து ஆண்டை மட்டும் மாற்றும் பழக்கம் இங்கேதான் நம்மைப் பத்து நாள் பின்தள்ளும். தெற்கில் நரக சதுர்த்தசி விடியலிலும் வடக்கில் லட்சுமி பூசை மாலையிலும் கொண்டாடப்படுவதால் ஒரு நாள் வேறுபாடு வரலாம். இந்தியப் பேனர் இரண்டையும் தாண்டி மறுநாள் காலை இறங்கட்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தமிழ்நாட்டில் அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குகிறது. எனவே ‘தீபாவளிக்கு முன் கிடைக்கும்’ என்ற உறுதி அக்டோபர் 18 வரையிலான ஆணைகளுக்கு மட்டும் உண்டு. அன்று நள்ளிரவு அந்த வரி பக்கத்திலிருந்து தானாக மறைந்துவிட வேண்டும்.

ஐரோப்பாவில் கிறிஸ்துமசுக்கான அடுப்பு வேலை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2027இல் அந்த ஞாயிறு நவம்பர் 28. திசம்பரில் ஏலக்காய்ப் பேனர் போடுவது கல்யாணம் முடிந்தபின் பந்தல் கட்டுவது போலாகும். நவம்பர் 3 அன்றே அது ஏறவேண்டும்.

இருப்புப் பக்கங்கள்

ஒவ்வொரு சரக்குக்கும் நிலையான ஒரே முகவரி இருக்கும். `/pongal-2027` போன்று ஆண்டைச் சேர்த்துப் புதுப் பக்கம் உருவாக்க வேண்டாம். `/pongal` என்ற பழைய பக்கத்தையே புதுப்பித்தால், தேடுபொறிகளில் அது ஏற்கெனவே பெற்றிருக்கும் இடம் வீணாகாது. பண்டிகை முடிந்ததும் பக்கத்தை நீக்கிவிடாமல், அடுத்த இருப்பு நாளையும் அறிவிப்புப் பெறும் பெட்டியையும் வைத்து விட்டுவிடவும். பண்டிகைப் பக்கங்களின் புதிய உரை, பேனர் ஏறுவதற்கு ஆறு வாரம் முன்பே தளத்தில் இருக்கவேண்டும்.

மஞ்சள் தூள் பக்கத்தில் மார்ச் 1 அன்று பராமரிப்பாளர் இட வேண்டியது:

```json
"availability": "https://schema.org/PreOrder",
"availabilityStarts": "2027-03-22",
"priceValidUntil": "2027-04-30"
```

மார்ச் 22 அன்று `PreOrder` என்பது `InStock` ஆக மாறும். சரக்கு தாமதமானால் கிடங்குப் பொறுப்பாளர் குறைந்தது ஐந்து நாள் முன்பு தெரிவிக்க வேண்டும்; அப்போது பக்கத்தின் தேதி முதலில் மாறும், பேனர் அதன்பின் மாறும். இந்த வரிசை எக்காரணத்தாலும் புரளக் கூடாது.

சலுகை நேரம்

நமது வழங்கியின் கடிகாரம் `UTC` நேரத்தில் ஓடுகிறது. நள்ளிரவு 12 மணிக்குத் திறக்க வேண்டிய சலுகையைச் சென்ற முறை நேர வேறுபாடு குறிக்காமல் பதிந்ததால், அது விடியற்காலை ஐந்தரை மணிக்குத்தான் திறந்தது. அதற்குள் எழுந்து வந்து பழைய விலையில் வாங்கியவர்களுக்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இனிமேல் நேரம் `2027-01-02T00:00:00+05:30` என்ற வடிவில் மட்டுமே பதியப்படும். முடியும் நேரமும் அவ்வாறே. வளைகுடா, ஐரோப்பியச் சலுகைகளுக்கு அந்தந்தப் பகுதியின் வேறுபாட்டைக் குறிக்கவும். ஐரோப்பாவில் கோடைகாலக் கடிகாரம் மார்ச்சிலும் அக்டோபரிலும் மாறுவதை மறக்க வேண்டாம்.

பேனரை இறக்கும் அதிகாரம் கிடங்குப் பொறுப்பாளருக்கு உண்டு. ஏதேனும் ஒரு சரக்கின் இருப்பு மூன்று நாள் விற்பனைக்குக் கீழே போனால், யாரையும் கேட்காமல் அவர் பேனரை நிறுத்தலாம். விற்பனைக் குழுவுக்கு இதில் மனத்தாங்கல் இருக்கும் என்பது தெரியும். கடந்த பொங்கல் வாரத்தின் மின்னஞ்சல்களை எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் பேச வரவும்.

திருத்தங்களை அக்டோபர் 5க்குள் அனுப்பவும். மழை நிலவரம் பார்த்து மஞ்சள், அரிசி ஆகியவற்றின் இருப்பு நாட்களை மட்டும் திசம்பர் 14 அன்று மறுபடி கூடிச் சரிபார்ப்போம்.