உத்திரமேரூர் பலகை: ஒரு பத்தி சரிபார்க்க வேண்டும், வியாழன் மாலைக்குள்

ஐயா, வணக்கம்.

காலையில் நான் அனுப்பிய நீண்ட மின்னஞ்சலையும் அதன் மூன்று இணைப்புகளையும் விட்டுவிடுங்கள். நூல் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தங்களிடம் கேட்க வேண்டியது இதில் ஒன்றுதான், அதைக் கீழே எழுதியிருக்கிறேன். எதையும் திறக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகுமுன் பார்ப்பதற்காக, பள்ளியில் ஒரு பலகை வைக்கிறோம். அதில் வரப்போகும் பத்தி:

"முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 921). ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வாரிய உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போட்டியிட வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் வீடும் வேண்டும். பதவிக்காலம் 360 நாள்."

சந்தேகம் வயதில்தான். 30 முதல் 60 என்று சிலர் எழுதுகிறார்கள், 35 முதல் 70 என்று சிலர். முன்னது 12-ஆம் ஆட்சியாண்டு (919) கல்வெட்டுக்கும், பின்னது 14-ஆம் ஆண்டுக்கும் உரியது என்பது என் புரிதல். இரண்டையும் கலந்து எழுதிய பலகைகளைப் பார்த்த பிறகு, பிள்ளைகள் முன்னால் நாமும் அப்படி ஒன்றை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் தங்களிடம் வருகிறேன்.

புரிதல் சரியென்றால் "சரி" என்று ஒரு சொல் போதும். தவறென்றால் எந்த வரி என்று மட்டும் சொல்லுங்கள், திருத்துவது என் வேலை. தட்டச்சு செய்ய நேரமில்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் போதும்.

அரைக்கால் நிலமே உடையவராயினும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் அறிந்தவருக்கு இடமுண்டு என்ற விதிவிலக்கை இடமில்லாததால் விட்டிருக்கிறேன். அதை வகுப்பில் வாய்வழியாகச் சொல்லிக்கொள்கிறேன். அதனால் அதைப் பற்றித் தாங்கள் யோசிக்க வேண்டாம்.

பலகை வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் பதில் வராவிட்டால், வேலை அதிகம் என்று புரிந்துகொண்டு வயது வரியை மட்டும் எடுத்துவிட்டு அச்சிடுவோம். நினைவூட்டித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

முன்பு கேட்டிருந்த பள்ளி உரை, அணிந்துரை இரண்டையும் இப்போது மறந்துவிடுங்கள். நூல் வெளிவந்த பிறகு தங்களுக்கு வசதிப்பட்டால் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கலைச்செல்வி
வரலாற்று ஆசிரியை