19-ம் தேதி சனிக்கிழமை வீட்டைப் பார்க்க வருவது பற்றி

கார்த்திக் தம்பி, வணக்கம். போனில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் பேச்சு பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன், வீட்டில் அவர்களிடமும் காட்டிவிட்டுப் பதில் போடுங்கள்.

வருகிற சனிக்கிழமை, செப்டம்பர் 19, காலை 11 மணிக்கு உங்கள் போர்ஷனை ஒரு தடவை பார்க்க வேண்டும். நானும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும், மூன்று பேர்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

காரணம் இதுதான். உங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் இருக்கிறார்களே, அவர்கள் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் இறங்குகிறது. போன மாதம் ஒரு தட்டு அளவுக்கு இருந்த கறை இப்போது ஜன்னல் பக்கம் வரைக்கும் போய்விட்டது. பெயிண்ட் கொப்புளித்து, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு மாதிரி உதிர்கிறது. மழையே இல்லாத நாட்களிலும் ஈரம் காயவில்லை, அதனால் மொட்டை மாடித் தண்ணீர் இல்லை, உங்கள் ஹாலை ஒட்டிய பாத்ரூமில்தான் எங்கோ கசிகிறது என்கிறார் பிளம்பர். தரையில் தண்ணீர் போகிற நஹானி டிராப்பைச் சுற்றி இருக்கலாம், சுவருக்குள் போகிற பைப்பாகவும் இருக்கலாம், நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. இதில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, கட்டி வருஷம் ஆன வீடு.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மடிப்பாக்கத்தில் என்ன நிலைமை என்று போன வருஷமே பார்த்துவிட்டீர்கள். டைல்ஸ் எடுத்துப் பூசினால் அது காய நாள் வேண்டும், மழைக்குள் ஆள் கிடைப்பதும் கஷ்டம். அதனால்தான் இந்த மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். வருகிறபோதே எலக்ட்ரீஷியன் கெய்சர் லைனில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடட்டும், ஈரச் சுவரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது, சின்னக் குழந்தை நடமாடுகிற வீடு.

அன்றைக்கு அந்த பாத்ரூம், சமையலறை சிங்க் அடி, பால்கனி, மீட்டர் பாக்ஸ் இவற்றை மட்டும்தான் பார்ப்போம். படுக்கை அறைக்குள் வேலை இல்லை. போட்டோ எடுத்தால் கசிகிற இடத்தை மட்டும், அதுவும் உங்களிடம் கேட்டுவிட்டு. நீங்கள் செய்ய வேண்டியது பாத்ரூமில் இருக்கிற வாளி, துணிக்கூடையை நகர்த்தி வைப்பது மட்டுமே. கசிவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டிராப்பை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்வார், அப்படி வந்தால் அந்த ஒரு நாள் உள் பாத்ரூமை மட்டும் புழங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் தனியாகக் கேட்டு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் குடிவரும்போது பழைய வீட்டு ஓனர் ஆள் இல்லாத நேரத்தில் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்ததைச் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. என்னிடம் மாற்றுச் சாவி இருந்தாலும் உங்கள் இருவரில் ஒருவர் வீட்டில் இல்லாமல் நானும் வர மாட்டேன், ஆளையும் அனுப்ப மாட்டேன். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், அந்த 2017-ம் வருஷத்துச் சட்டத்தில், காரணத்தை எழுதி 24 மணி நேரம் முன்னால் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் எங்கே போதும், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையே சொல்கிறேன்.

வீட்டில் அவர்களுக்கு நைட் ஷிப்ட், காலையில் தூங்குவார்கள் என்று தெரியும். 11 மணி ஒத்துவராது என்றால் மாலை 4 மணிக்கு வருகிறோம். சனிக்கிழமையே வேண்டாம் என்றால் ஞாயிறு 20-ம் தேதி காலை. இரண்டும் முடியாவிட்டால் நீங்களே அந்த வாரத்தில் ஒரு நாள் சொல்லுங்கள், பிளம்பரிடம் பேசிக்கொள்கிறேன். ரொம்பத் தள்ளிப் போடாமல் இருந்தால் சரி, கீழ் வீட்டில் வயதானவர் இருக்கிறார், ஈரத்தில் அவருக்கு இருமல் விடவில்லை.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். பைப், வயரிங், டைல்ஸ் எல்லாம் என் பொறுப்பு, அட்வான்ஸில் ஒரு ரூபாய் கை வைக்க மாட்டேன். அப்புறம், சமையலறை டேப் சொட்டுகிறது என்றீர்களே, வாஷர் மாற்றுவது வாடகைக்கு இருப்பவர் பார்த்துக்கொள்வதுதான், ஆனாலும் பிளம்பர் வருகிறபோது அதையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடச் சொல்கிறேன். வேறு ஏதாவது ரிப்பேர் இருந்தாலும் இப்போதே எழுதி அனுப்புங்கள், சாமான் வாங்கிக்கொண்டே வந்துவிடலாம்.

புதன்கிழமை ராத்திரிக்குள் எந்த நேரம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள் தம்பி. பதில் வந்த பிறகுதான் ஆளுக்குச் சொல்வேன்.

சுந்தரம்