மணிகண்டனுக்கு: நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது

தேக்கா, சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி மணிகண்டனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு பக்கத்தையும் படித்துவிட்டேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. ஓவர்டைம், அதாவது ஓடி பற்றிய வரிதான் இடிக்கிறது.

உன் பேசிக் சம்பளம் மாதம் 700 வெள்ளி, வேலை வாரத்துக்கு 44 மணி நேரம். சாப்பாட்டுக்கு மாதம் 150 பிடிப்பார்கள். வேலை அனுமதிக்கு முன்ஒப்புதலாக ஊரில் உனக்கு வந்த ஐபிஏ கடிதத்திலும் இதே தொகைகள்தான் உள்ளன. அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதே. அதில் உள்ள பேசிக்கைக் குறைக்க வேண்டுமென்றால், நீ எழுத்தில் சம்மதிக்க வேண்டும், கம்பெனி மனிதவள அமைச்சான எம்ஓஎம்முக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால் சூப்பர்வைசர் புதுசாக ஏதாவது தாளை நீட்டி "சும்மா சைன் போடு" என்றால், முதலில் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

இப்போது ஓடி. மணிக்கு 5 வெள்ளி என்று எழுதியிருக்கிறார்கள். சட்டப்படி கணக்குப் போடு: 700-ஐ 12-ஆல் பெருக்கினால் 8,400. வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, ஆக 2,288 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 3.67 வெள்ளி. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்காவது தர வேண்டும், அதாவது 5.51 வெள்ளி. அரை வெள்ளிதானே என்று நினைக்காதே, மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் 30 வெள்ளிக்கு மேல் போகிறது. "கையெழுத்துப் போட்டுட்டேனே அண்ணே" என்பாய். போட்டாலும் பரவாயில்லை, வேலைச் சட்டம் தருவதைவிடக் குறைவாக எழுதிய வரி செல்லாது. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடி வரம்பு என்பதையும் தெரிந்துகொள்.

ஞாயிறு உனக்கு ஓய்வு நாள். கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை வாங்கினால் இரண்டு நாள் சம்பளம், அரை நாளுக்குள் என்றால் ஒரு நாள் சம்பளம். முதல் வருஷம் சம்பளத்தோடு 7 நாள் லீவு, மூன்று மாதம் முடிந்த பிறகு எடுக்கலாம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், ஓடி காசு 14-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் இல்லாத இரண்டு விஷயம். லெவி என்பது வெளிநாட்டு ஊழியருக்காக அரசாங்கத்துக்குக் கம்பெனி கட்டுவது, அதை உன் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பாஸ்போர்ட் உன்னிடம்தான் இருக்க வேண்டும், "பத்திரமாக வைக்கிறோம்" என்று கேட்டாலும் கொடுக்காதே.

தினமும் எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. முதல் பே ஸ்லிப் வந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வா. ஓடி குறைந்திருந்தால் முதலில் ஆபீஸில் மரியாதையாகக் கேட்போம். அவர்கள் மறுத்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 6536 2692-இல் போன் போடலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் இப்போது சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவார்கள்.

இப்படிக்கு,
அண்ணன் முருகேசன்