உங்கள் தகவலில் எதை வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம்

தனியுரிமைக் கொள்கை. 1 ஜனவரி 2026 முதல் நடப்புக்கு வருகிறது.

ஜார்ஜ்டவுனில் சமைத்து, பினாங்குத் தீவு முழுவதும் மதியச் சாப்பாட்டைக் கேரியரில் அனுப்பும் எங்கள் சமையற்கூடத்தின் இணையத்தளத்துக்கும், தொலைபேசி, வாட்ஸ்அப் வழியாக வரும் ஆர்டர்களுக்கும் இக்கொள்கை பொருந்தும். முன்பு இவ்விடத்தில் இருந்த பக்கம் பதினொரு பிரிவுகளாக, வேறொரு நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நாங்கள் ஒருநாளும் வாங்காத தகவல்களைப் பற்றியெல்லாம் அதில் பேசியிருந்தோம், உண்மையில் வாங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறோம்.

2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709) இத்தகைய அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தரச் சொல்கிறது. தமிழில் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் தமிழில்தான் படிக்கிறார்கள் என்பதால் தருகிறோம். மூன்றுக்கும் இடையே பொருள் வேறுபடுமானால் உங்களுக்கு எது சாதகமோ அதன்படியே நடந்துகொள்வோம்.

ஆர்டர் செய்யும்போது

பெயர், கைத்தொலைபேசி எண், சாப்பாடு வரவேண்டிய முகவரி ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சாப்பாடு வந்து சேராது. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக்கோ பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கோ வரும் எங்கள் ஆள், காவலர் சாவடியில் நின்று உங்களை அழைக்கவேண்டியிருக்கும். எண் கேட்பது அதற்காகத்தான். மின்னஞ்சல் உங்கள் விருப்பம். கொடுத்தால் பில் அதற்கும் வரும். பக்கத்தில் உள்ள "என் இருப்பிடம்" பொத்தானை நீங்களே தட்டினால் மட்டும் கைத்தொலைபேசி உங்கள் இருப்பிடத்தைச் சொல்லும். அதை முகவரிக் கட்டத்தை நிரப்பப் பயன்படுத்திவிட்டு விட்டுவிடுகிறோம், சேமிப்பதில்லை.

மைகார்ட் எண்ணை நாங்கள் கேட்பதில்லை. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். ஒரு சாம்பார் சாதத்துக்கு இத்தனையும் தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: உங்கள் பெயரில் மின்விலைப்பட்டியல் வேண்டுமென்று நீங்களே கேட்டால், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அமைப்பில் பதிவு செய்வதற்கு அடையாள எண்ணோ வரி எண்ணோ தேவைப்படும். அந்த ஒரு வேலைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவோம்.

கார்டு, இணைய வங்கி, கியூஆர் எதில் கட்டினாலும் எண்களை நீங்கள் தட்டுவது கட்டணச் சேவை நிறுவனத்தின் பக்கத்தில்தான். எங்களுக்கு வருவது கட்டியாயிற்றா இல்லையா என்ற செய்தியும் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களும் மட்டுமே. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் எந்தக் கார்டு என்று அடையாளம் காண அவை உதவும்.

"குறிப்பு" கட்டத்தில் நீங்கள் எழுதுவது

இப்பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். "இனிப்பு வேண்டாம், சர்க்கரை இருக்கிறது" என்றோ "சிறுநீரகப் பிரச்சினை, உப்புக் குறைவாக" என்றோ நீங்கள் எழுதும்போது அது உடல்நலத் தகவலாகிவிடுகிறது. "கந்தசஷ்டி விரதம், வெங்காயம் பூண்டு சேர்க்காதீர்கள்" என்பது சமய நம்பிக்கையைச் சொல்கிறது. இரண்டையும் சட்டம் உணர்வுநுட்பம் வாய்ந்த தரவு என்கிறது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் நாங்கள் அவற்றைக் கையாளக்கூடாது. அதனால்தான் அக்கட்டத்தின் கீழே தனியாக ஒரு சம்மதக் குறி இருக்கிறது. அதைத் தட்ட விருப்பமில்லை என்றால் காரணத்தை விட்டுவிட்டு "இனிப்பு வேண்டாம்" என்று மட்டும் எழுதினாலே போதும்; சமையலுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

இதில் நாங்கள் ஒருமுறை தவறியிருக்கிறோம். முன்பெல்லாம் கேரியரின் மூடியில் ஒட்டும் தாளில் பெயர், எண், குறிப்பு எல்லாமே அச்சாகும். அலுவலகப் பொது மேசையில் வைத்த கேரியரைப் பார்த்துத் தம் நோய் சக ஊழியர்களுக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு வாடிக்கையாளர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது நியாயம். இப்போது அந்தத் தாளில் "ஆர்டர் 47, கேரியர் சி" என்பதுபோல் எண்ணும் எழுத்தும் மட்டுமே இருக்கும். குறிப்பு சமையலறைத் திரையில் மட்டும் தெரியும், அங்கே முகவரி தெரியாது. டெலிவரி செய்பவருக்கு முகவரி தெரியும், குறிப்பு தெரியாது.

இணையத்தளம் தானாகப் பதிவதும், தகவல் போகும் இடமும்

நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் ஐபி முகவரியும் நேரமும் சர்வரில் பதியும். யாராவது தளத்தைத் தாக்கினால் கண்டுபிடிப்பதற்காக 30 நாள் வைத்திருந்து அழிக்கிறோம். குக்கிகள் இரண்டுதான்: `sesi` நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும், `bahasa` நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியை நினைவில் வைக்கும். விளம்பரக் குக்கி எதுவும் இல்லை. சர்வர் சிங்கப்பூரில் இருப்பதால் உங்கள் தகவல் மலேசியாவுக்கு வெளியே சேமிக்கப்படுகிறது. அங்கும் 2012ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்தால் அவ்வுரையாடல் அந்நிறுவனத்தின் விதிகளுக்கும் உட்பட்டது, அதை எங்களால் மாற்ற இயலாது.

எந்த நிறுவனத்துக்கும் உங்கள் தகவலை நாங்கள் விற்பதில்லை. தீபாவளிப் பலகாரச் செய்தி போன்றவை நீங்கள் கேட்டுக்கொண்டால் மட்டுமே வரும். "வேண்டாம்" என்று ஒரு சொல் பதில் அனுப்பினால் நின்றுவிடும்.

எவ்வளவு காலம்

பில் விவரங்களை வருமான வரிச் சட்டத்தின்படி 7 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும், இதில் எங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் குறிப்புக் கட்டத்தில் எழுதியது அதில் சேராது. மாதச் சாப்பாடு எடுப்பவரானால் சந்தா முடிந்த 14ஆம் நாளும், ஒருநாள் ஆர்டரானால் மறுநாள் காலையும் அது அழிக்கப்படும். ஓராண்டு பயன்படுத்தாத கணக்கை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூடிவிடுவோம்.

பார்க்க, திருத்த, நிறுத்த

உங்களைப் பற்றி எங்களிடம் இருப்பதை "என் கணக்கு" பக்கத்தில் நீங்களே பார்க்கலாம், திருத்தலாம். நகல் வேண்டுமானால் பில்லின் அடியில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள், அல்லது கடைக்கு நேரில் வாருங்கள். சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. சிறு கட்டணம் வாங்கவும் அனுமதிக்கிறது. நாங்கள் ஒரு வாரத்துக்குள் இலவசமாகத் தருகிறோம். வேறொருவரிடம் கொடுத்துவிடக்கூடாது என்பதால், கணக்கில் உள்ள எண்ணுக்கு ஒரு குறியீட்டை அனுப்பிச் சரிபார்த்த பின்பே தருவோம். 18 வயதுக்குக் குறைந்தவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கேட்கலாம்.

தகவல் கசிந்தால் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். உங்களுக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடுமானால் அதன்பின் 7 நாளுக்குள் உங்களுக்கும் சொல்லவேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் சட்டம். அந்த 7 நாள் வரை காத்திருக்காமல், யாருடையது கசிந்தது என்று தெரிந்த அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வோம். அப்படி அழைக்கும்போது வங்கி விவரத்தையோ கடவுச்சொல்லையோ கேட்கமாட்டோம். யாராவது கேட்டால் அது நாங்கள் அல்ல, உடனே தொடர்பைத் துண்டியுங்கள்.

எங்கள் பதில் திருப்தி தரவில்லை என்றால், புத்ராஜெயாவில் உள்ள தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புத் துறையிடம் நீங்கள் நேரடியாகப் புகார் செய்யலாம். அதற்கு முன் எங்களிடம் சொல்லியாகவேண்டும் என்ற நிபந்தனை எதையும் நாங்கள் வைக்கவில்லை. இக்கொள்கையில் எதையேனும் மாற்றினால், மாறிய வரியையும் பழைய வரியையும் அருகருகே 30 நாள் இப்பக்கத்தின் மேற்பகுதியில் வைத்திருப்போம்.