மகளுக்கு 18 வயது நிறைந்ததால் பாலிசி உரிமையை அவள் பெயரில் பதிவு செய்யக் கோரும் கடிதம்

கும்பகோணம்
01.09.2025

அனுப்புநர்:
க. செந்தில்வேல் (முன்மொழிந்தவர், தந்தை)
மேலக்காவேரி, கும்பகோணம்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்
இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம், கும்பகோணம்

பொருள்: பாலிசி எண் 754000118, நியூ சில்ட்ரன்ஸ் மணி பேக் (திட்ட எண் 832), காப்புத் தொகை ரூ. 5,00,000

ஐயா,

என் மகள் செ. யாழினியின் பெயரில் 12.08.2015 அன்று இந்தப் பாலிசியைத் தொடங்கினேன். அவள் 03.06.2007 அன்று பிறந்தவள். கடந்த ஜூன் மாதம் 18 வயது நிறைந்ததால், அதையடுத்து வந்த பாலிசி ஆண்டு நாளான 12.08.2025 முதல் பாலிசி அவளுக்கே உரியதாகிவிட்டது. பாலிசி நிபந்தனைப்படி தானாக நிகழும் மாற்றம் இது. நான் அவளுக்கு எழுதிக்கொடுக்கும் அசைன்மென்ட் அல்ல என்பதால் அதற்கான படிவம் இணைக்கவில்லை. பாலிசியின் மீது கடனோ அடமானமோ இல்லை. எனக்கு இதில் இனி எந்த உரிமைக் கோரிக்கையும் கிடையாது.

அதே நாளில் முதல் தவணைப் பலனான 20 சதவீதம், ரூ. 1,00,000 தரவேண்டியதாகிறது. உங்கள் பதிவேட்டில் இன்னும் என் வங்கிக் கணக்குதான் இருக்கிறது. அந்தத் தொகை என் கணக்குக்கு வந்துவிடாமல், முதலில் யாழினியின் கணக்கைப் பதிந்து அதன்பின் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெயரில் ஒரு வேறுபாடு உள்ளது. பத்திரத்தில் 'செ. யாழினி', ஆதாரிலும் பான் அட்டையிலும் 'யாழினி செந்தில்வேல்'. இருவரும் ஒருவரே என நோட்டரி முன் அளித்த உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்துள்ளேன். பதிவில் ஆதாரில் உள்ள பெயரையே ஏற்கவும். முதிர்வின்போது பெயர் பொருந்தாமல் பணம் திரும்பிவிடக் கூடாது.

பிரீமியம் இப்போது என் கணக்கிலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுகிறது. யாழினியின் புதிய ஆணை வங்கியில் ஏற்கப்பட்டது உறுதியான பிறகே என்னுடையதை நிறுத்துங்கள். இடைவெளி விழுந்தால் 12.02.2026 தவணை தவறிவிடும்.

இணைப்புகள்:

1. அசல் பாலிசி பத்திரம் (மேற்குறிப்பு எழுதித் திருப்பித் தரவும்)
2. பெயர் பதிந்த பிறப்புச் சான்றிதழ் நகல்
3. ஆதார் நகல்
4. பான் அட்டை நகல். மைனராக இருந்தபோது பெற்ற அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இல்லாததால், இரண்டும் சேர்த்து வாங்கிய புதிய அட்டை
5. யாழினியின் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. 18 வயதானதும் மைனர் கணக்கை வங்கி நிறுத்திவைத்ததால், மீண்டும் அடையாள ஆவணங்கள் கொடுத்துத் திறந்த கணக்கு இது
6. வங்கிக் கணக்கைப் பதியும் நெஃப்ட் படிவம், தானியங்கிப் பிரீமியத்துக்கான புதிய ஆணைப் படிவம்
7. உறுதிமொழிப் பத்திரம்
8. மாதிரிக் கையெழுத்து மூன்று, புகைப்படம் இரண்டு, அவளுடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்
9. நியமனதாரர் படிவம். மைனராக இருந்தவரை நியமனம் செய்ய இயலவில்லை. இப்போது தன் தாயாரை நியமிக்கிறாள்

நகல்கள் அனைத்திலும் யாழினியே கையெழுத்திட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தின் நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்டுத் தாருங்கள். பதிவு முடிந்ததும் எழுத்து மூலம் அவளுக்கே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
க. செந்தில்வேல்

மேற்கண்டவற்றை ஏற்று, பாலிசியை என் பெயரில் தொடர்கிறேன்.
செ. யாழினி