கமராவைப் பாருங்கோ, அப்பா

2012ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள அடுக்குமாடி வீடொன்றில், 11 வயது ஆரூரன் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்விளிம்பில் சிறிய கமராவைப் பொருத்தி, அதன் வயரைப் பின்புறத்தில் செருகிவிட்டு, தந்தையைச் சோபாவில் இருக்கச் சொன்னான்.

சிவநேசன் இருக்கவில்லை. ஊருக்குக் கதைப்பதென்றால் அவர் நின்றபடியே கதைத்துப் பழகியவர். ஐந்து டொலருக்கு வாங்கிய போன் காட்டைச் சுரண்டி, நீண்ட இலக்கத்தைப் பிழையில்லாமல் அழுத்தி, இயந்திரக் குரல் அறிவிக்கும் நிமிடங்களில் பாதியாவது கிடைக்க வேண்டுமே என்று பதறுகிற மனிதருக்கு இருக்கத் தோன்றுவதில்லை.

"இது எந்த நேரமும் எங்களைப் பாத்துக்கொண்டு இருக்குமோ?"

"இல்லையப்பா. கோல் எடுத்தால் மட்டும்தான் இந்த லைட் எரியும். பயமெண்டால் வயரைக் கழட்டி வையுங்கோ."

பிறகு ரிமோட்டைத் தந்தையின் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். திரையில் தோன்றிய எழுத்துப் பலகையில் அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டியிருந்தது. சிவநேசன் ஒவ்வொரு முறையும் வேண்டிய எழுத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். பறித்துத் தானே அடித்துவிட மகனுக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் பொறுத்தான், பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது இந்தப் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை.

முதலில் ஸ்கைப்பின் பரிசோதனை அழைப்பான echo123 என்பதை எடுக்கவைத்தான். ஆங்கிலத்தில் பேசிய பெண்குரலுக்குச் சிவநேசன் மரியாதையாக "யெஸ் மேடம்" என்றார். சத்தம் கேட்டதும் ஏதாவது சொல்லுங்கோ என்று மகன் காதில் கிசுகிசுக்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நான் நேசன். சாப்பிட்டியளோ?" என்றார். சில நொடிகளில் அதே சொற்கள் தொலைக்காட்சிக்குள்ளிருந்து திரும்பி வந்தன. தன் குரலை முன்பின் கேட்டறியாத அவர், "இது பெரியண்ணையின்ர குரலல்லோ" என்றார்.

கரவெட்டியில் அப்போது ஞாயிறு காலை ஏழு மணி. மருமகள் துளசி டொங்கிள் செருகிய மடிகணினியை விறாந்தைக் கதிரையில் வைத்திருந்தாள். படம் முதலில் கட்டங்கட்டமாகச் சிதறி, பிறகு ஒன்றுகூடி, 14 ஆண்டுகளாக நிழற்படங்களில் மட்டும் பார்த்த முகம் 42 அங்குலத் திரை முழுவதும் வந்து நின்றது. சிவநேசன் தம்மை அறியாமல் இருந்துவிட்டார்.

"ஏன் தம்பி நிலத்தைப் பாக்கிறாய்?" என்று கேட்டார் தாயார். "என்ன குற்றம் செய்தனீ?"

"உங்களைத்தானம்மா பாக்கிறன்."

"இல்லை, கீழ பாக்கிறாய். என்னோட கோவமோ?"

ஆரூரனுக்கு விளங்கிவிட்டது. கமரா மேலே இருக்கிறது, அப்பம்மாவின் முகம் அதற்குக் கீழே திரையின் நடுவில் இருக்கிறது. அந்த முகத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க, அங்கே தந்தை தலைகுனிந்தவராகவே தெரிவார்.

"கமராவைப் பாருங்கோ, அப்பா."

சிவநேசன் அண்ணாந்து அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்தார். இரண்டு வசனம் கதைப்பதற்குள் கண் இறங்கிவிட்டது. மகன் மீண்டும் சொன்னான், மீண்டும் இறங்கியது. மூன்றாம் முறை அவருக்குச் சினம் வந்தது.

"நான் அதைப் பாத்துக்கொண்டிருந்தால், அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது?"

பையனிடம் இதற்கு மறுமொழி இருக்கவில்லை. சற்று நேரம் தொலைக்காட்சியையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தவன், தந்தையை எழுப்பி, இருவருமாகச் சோபாவைப் பின்னுக்கு இழுத்துச் சாப்பாட்டு மேசையோடு முட்டவைத்தார்கள். கிட்ட இருந்தால் கமராவுக்கும் முகத்துக்கும் இடையே பெரிதாகத் தெரியும் சாண் இடைவெளி, தள்ளியிருந்து பார்க்கும்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். அறைக்கு அப்பாலிருந்து பேசுவதையும் பிடிக்கும்படி கமராவிலேயே ஒலிவாங்கி இருந்ததால், கத்தவும் வேண்டியிருக்கவில்லை.

"இப்ப சரி, என்னைப் பாக்கிறாய்," என்றார் தாயார். "கொஞ்சம் எழும்பி நில், ஆளை முழுசாப் பாப்பம்."

அவர் எழுந்து நின்றார். திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். தலைமயிர் எங்கே போனதென்று அக்கா கேட்டாள். படம் இடையிடையே நின்றபோது அவர் பதறவில்லை. பொறுத்தால் வரும் என்று மகன் முன்னமே சொல்லியிருந்தான்.

அடுத்த கிழமை பாரிசிலுள்ள தம்பியும் கமரா வாங்கிவிட்டான். அவனுக்குத் தொலைபேசியில் வகுப்பெடுத்தவர் சிவநேசன்தான். சோபாவைப் பின்னுக்கு இழு என்றார். அது ஏற்கெனவே சுவரோடுதான் கிடக்கிறது, வீடே அவ்வளவுதான் என்றான் தம்பி. ஆரூரன் உதவ வாயெடுக்க, அவர் கையால் தடுத்தார்.

"அப்ப ரீவியை மற்றச் சுவருக்கு மாத்தி, அறையின்ர நீளப்பாட்டுக்கு வை. வயர் காணாட்டில் எனக்குத் திரும்ப எடு."