பொறியாளர் அ. லலிதா அவர்களின் மாணவர் பதிவுகள் குறித்து ஒரு வேண்டுகோள்

அனுப்புநர்
ரா. மகிழினி,
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு,
வரலாற்றுத் துறை,
மதுரை காமராசர் பல்கலைக்கழகம்,
மதுரை.

பெறுநர்
பொறுப்பு அலுவலர்,
முன்னாள் மாணவர் அலுவலகம்,
அண்ணா பல்கலைக்கழகம்,
கிண்டி, சென்னை.

நாள்: 12.08.2024

பொருள்: கிண்டி பொறியியல் கல்லூரியின் முன்னாள் மாணவி அ. லலிதா அவர்களின் சேர்க்கை, தேர்வு, பட்டப் பதிவுகளைப் பார்வையிட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்னை மாகாணத்தில் பெண்கள் தொழிற்கல்வியில் சேர்ந்த வரலாற்றை முதுகலை ஆய்வேட்டிற்காக எழுதி வருகிறேன். அதில் ஓர் இயல் முழுவதும் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அய்யலசோமயாஜுல லலிதா அவர்களைப் பற்றியது. அவரது வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரைகள் பல கிடைத்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவையாகவே தெரிகின்றன. கல்லூரியின் மூலப் பதிவேட்டைக் கண்டு எழுதியதாக எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. ஆகவே தங்கள் அலுவலகத்தை அணுகுகிறேன்.

1919-இல் பிறந்த லலிதா அவர்கள் பதினைந்து வயதில் மணமாகி, 1937-இல் மகள் பிறந்த சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர். இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தபின், தம் தந்தை பப்பு சுப்பாராவ் மின்பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றிய கிண்டி கல்லூரியிலேயே அதே பிரிவில் சேர்ந்தார். தந்தையின் முயற்சியும், அப்போதைய முதல்வர் கே. சி. சாக்கோ, பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதம் ஆகியோரின் இசைவும் இச்சேர்க்கைக்கு வழிவகுத்ததாக எழுதப்படுகிறது. ஒரு பேராசிரியர் தம் மகளுக்காகக் கேட்டதால் மட்டும் கிடைத்த தனிச்சலுகையா, அல்லது பெண்களைச் சேர்ப்பது என்று கல்லூரி முறையாக எடுத்த முடிவா என்பதே என் ஆய்வின் மையக் கேள்வி. அடுத்த ஆண்டிலேயே பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்திருப்பதால், முடிவு பொதுவானதாகவே இருந்திருக்கும் என்று கருதுகிறேன். ஆயினும் முதல்வர் அலுவலகத்துக்கும் அரசுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைக் காணாமல் அதை உறுதியாக எழுத இயலாது. எனவே அக்கோப்பும், லலிதா அவர்களின் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கமும் கல்லூரியில் உள்ளனவா என்பதை அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதிவேட்டில் தேடுவோருக்கு ஒரு சிறு குறிப்பு: அவர் மணமான பின் கல்லூரியில் சேர்ந்தவர் என்பதால், பெயர் அய்யலசோமயாஜுல என்ற குடும்பப் பெயரிலோ, தந்தையின் பப்பு என்ற பெயரிலோ பதிவாகியிருக்கலாம். இரண்டையும் பார்க்கச் செய்தால் உதவியாக இருக்கும்.

பட்டம் பெற்ற ஆண்டு சில கட்டுரைகளில் 1943 என்றும், சிலவற்றில் 1944 என்றும் வருகிறது. போர்க்காலத்தில் படிப்புக்காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே முடித்தனர் என்பதையும், தேர்வுக்கும் பட்டமளிப்புக்கும் இடையே சில மாதங்கள் கழிந்ததையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவே செய்கின்றன. எனினும் தேர்வு முடிவுப் பட்டியலின் நகல் ஒன்று கிடைத்தால் ஐயம் தீரும். அவர்களுக்கு அளிக்கப்பட்ட சான்றிதழ்களில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுக் கையால் பெண்பாலாகத் திருத்தினார்கள் என்ற செய்தி பலரும் சொல்வது. அந்தக் காலத்துச் சான்றிதழ்ப் படிவம் ஏதேனும் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டிருந்தால், அதைப் பார்வையிடவும் விரும்புகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல்தான் தொடங்கப்பட்டது என்பதையும், அதற்கு முன் கிண்டி கல்லூரியின் பட்டங்களைச் சென்னைப் பல்கலைக்கழகமே வழங்கியது என்பதையும் அறிவேன். ஆகவே தேர்வு, பட்டம் சார்ந்த ஆவணங்கள் சேப்பாக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. அப்படியாயின், எவை தங்களிடம் உள்ளன, எவற்றுக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாலே எனக்குப் பேருதவி.

படித்து முடித்தபின் அவர் ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றதும், கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் பணியாற்றியதும், 1964-இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டதும் வேறு வழிகளில் கிடைத்துள்ளன. அவை பற்றித் தங்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. ஆனால் அவர் முன்னாள் மாணவியாகக் கல்லூரிக்கு எழுதிய கடிதங்களோ, கல்லூரி மலரில் அவரைப் பற்றிய குறிப்போ இருந்தால் அவற்றையும் காண விழைகிறேன்.

பழைய பதிவேடுகளை அஞ்சலில் அனுப்பவோ நகலெடுக்கவோ இயலாது எனில், தாங்கள் குறிப்பிடும் வேலை நாளில் நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில் குறிப்பெடுத்துக்கொள்ளச் சம்மதம். பக்கத்தில் உள்ள பிற மாணவர்களின் விவரங்களை மறைத்துக் காட்டினாலும் போதும். நகல் கட்டணத்தைச் செலுத்தி விடுகிறேன். ஆய்வேட்டைப் பிப்ரவரி இறுதியில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அக்டோபர் மாதத்திற்குள் பதில் கிடைத்தால் நலம்.

துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், மாணவர் அடையாள அட்டையின் நகல், அஞ்சல் தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. மகிழினி